மாதவிடாய்க்கு முன் பெருகும் பருக்களும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையும்

தோல் நோய்ப் பிரிவுக்கு முகப்பருவுடன் வருபவர்களில் இருபத்தைந்து வயதைக் கடந்த பெண்களும் பலர் உள்ளனர். பதின்பருவத்தில் வந்து போயிருக்க வேண்டிய பரு இப்போது ஏன் வருகிறது என்பதே அவர்களது முதல் கேள்வி. அவர்களுள் ஒரு சாராருக்கு மாதவிடாய்க்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு முகத்தில் எண்ணெய் வழியும். தாடையிலும் மோவாயிலும் வலியுடன் கூடிய பருக்கள் எழும். இரத்தப்போக்கு தொடங்கிய சில நாட்களில் அவை அடங்கத் தொடங்கும். இத்தகையோருக்குக் களிம்புகள் மட்டும் போதாதபோது ஸ்பைரனோலாக்டோன் என்னும் மாத்திரையை எழுதித் தருகிறோம். அதை வாங்கச் செல்லும் பலர், அது இதய நோய்க்கான மாத்திரை என்று கேள்விப்பட்டு அஞ்சி நிறுத்திவிடுகின்றனர். அந்த அச்சத்தில் எது உண்மை, எது தவறு என்பதை ஒருவரது சிகிச்சையின் வழியாகக் காண்போம். இங்கே கூறப்படும் பெண், நாங்கள் கண்ட பலரது அனுபவங்களைச் சேர்த்து வரைந்த ஒருவர். தனிப்பட்ட எவரையும் குறிப்பவர் அல்லர்.

நாட்குறிப்பு காட்டிய உண்மை

அவருக்கு வயது 28. செங்கோட்டை அருகே வீட்டிலிருந்தே பீடி சுற்றும் தொழில் செய்பவர். ஒரு குழந்தையின் தாய். பருவுக்குக் காரணம் தலையில் தேய்க்கும் தேங்காய் எண்ணெயே என்று அவர் நம்பினார். அந்த ஐயத்திற்கு இடமுண்டு. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் நீராடும் வழக்கமுள்ள ஊர் நம்முடையது. ஆனால் தலை எண்ணெயால் வரும் பரு, பெரும்பாலும் நெற்றியிலும் மயிர் எல்லையை ஒட்டியும் சிறு சிறு கொப்புளங்களாக வரும். மாதத்தின் நாட்களை அது அறியாது. இவருக்கோ பருக்கள் தாடையிலும் கழுத்தின் மேற்பகுதியிலும் ஆழமாக இருந்தன.

உடனே மாத்திரை எழுதாமல், இரண்டு மாதங்கள் நாட்காட்டியில் குறித்துவரச் சொன்னோம். மாதவிடாய் தொடங்கும் நாளை வட்டமிட வேண்டும். ஒவ்வொரு நாளும் புதிதாக எழும் பருக்களின் எண்ணிக்கையை அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். அவரது சுழற்சி 29 நாட்கள். முதல் இரண்டு வாரங்களில் மொத்தம் மூன்று பருக்களே வந்திருந்தன. இருபதாம் நாளுக்குப் பிறகு ஒன்பது வந்திருந்தன. இரண்டாம் மாதமும் ஏறத்தாழ அதே கணக்கு. காரணம் எண்ணெய் அன்று, ஹார்மோன் என்பது இதனால் தெளிவாயிற்று.

சுரப்பியில் நிகழ்வது என்ன?

ஒவ்வொரு மயிர்க்காலை ஒட்டியும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உள்ளது. அதைத் தூண்டுவது ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன். இது ஆண்களுக்கே உரியது என்று எண்ண வேண்டாம். பெண்களின் சூலகமும் அட்ரினல் சுரப்பியும் சிறிதளவு இதைச் சுரக்கின்றன. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரண்டும் குறைகின்றன. அப்போது ஆண்ட்ரோஜனின் செல்வாக்கு ஒப்பளவில் ஓங்குகிறது. எண்ணெய் மிகுந்து, மயிர்க்காலின் வாய் அடைபட்டு, உள்ளே வீக்கம் தோன்றுகிறது.

இத்தகைய பெண்களில் பெரும்பாலோருக்கு இரத்தத்தில் ஆண்ட்ரோஜன் அளவு இயல்பாகவே இருக்கும். அவர்களது சுரப்பிகள் அந்த இயல்பான அளவுக்கே மிகையாக எதிர்வினை புரிகின்றன. ஆகவே பரிசோதனை முடிவு சரியாக உள்ளது என்பதால், ஹார்மோன் காரணம் இல்லை என்று கொள்ளலாகாது. எனினும் மாதவிடாய் 35 நாட்களுக்கு மேல் தள்ளிப்போதல், முகத்தில் தடித்த முடி வளர்தல், தலைமுடி உதிர்தல் ஆகியவை இருந்தால் சூலக நீர்க்கட்டி நோய்க்கான பரிசோதனைகள் தேவை. சில மாதங்களிலேயே முடி வேகமாக வளர்ந்து குரலும் தடித்தால் காலம் தாழ்த்தாமல் வர வேண்டும். இவருக்கு இந்த அறிகுறிகள் எவையும் இல்லை.

இதய மாத்திரை பருவுக்கு எப்படி?

ஸ்பைரனோலாக்டோன் உடலிலிருந்து உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்தாக உருவாக்கப்பட்டது. இதயச் செயலிழப்பிலும் உயர் இரத்த அழுத்தத்திலும் அது இன்றும் பயன்படுகிறது. கடைக்காரர் சொன்னது பொய்யன்று. அதே மருந்துக்கு இன்னொரு செயலும் உண்டு. எண்ணெய்ச் சுரப்பியில் ஆண்ட்ரோஜன் சென்று பொருந்தும் இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. பூட்டின் துளையில் வேறொரு சாவி இருந்தால் உரிய சாவி நுழைய முடியாதல்லவா? அதுபோல ஆண்ட்ரோஜன் இரத்தத்தில் இருந்தும் சுரப்பியைத் தூண்ட இயலாது போகிறது. ஆண்களுக்கு இது மார்பக வளர்ச்சியை உண்டாக்கக்கூடும் என்பதால், பருவுக்காக அவர்களுக்குக் கொடுப்பதில்லை.

கடையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பைரனோலாக்டோனுடன் ஃபுரோசமைடு அல்லது டார்செமைடு சேர்ந்த கூட்டு மாத்திரைகளும் விற்கப்படுகின்றன. அவை நீர்க்கோவைக்கானவை, சிறுநீரை மிகையாகப் பிரித்து உடலை வறளச் செய்யும். அட்டையில் ஸ்பைரனோலாக்டோன் என்ற ஒரே மருந்தின் பெயர் மட்டும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

தொடங்கிய பின் நடந்தவை

கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த பின், காலை உணவுக்குப் பின் 50 மில்லிகிராம் என்ற அளவில் தொடங்கினோம். இரவில் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு அடாபலீன் களிம்பு. மாத்திரையைக் காலையில் கொடுப்பதற்குக் காரணம், சிறுநீர் அடிக்கடி கழிவதால் இரவு உறக்கம் கெடக்கூடாது என்பதே.

ஐந்தாம் வாரம் அவர் திரும்பி வந்தார். எந்த மாற்றமும் இல்லை. வீட்டிலும் நிறுத்தச் சொல்கிறார்கள் என்றார். பலரும் சிகிச்சையைக் கைவிடும் கட்டம் இதுவே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வு இங்கே உதவும். பன்னிரண்டாம் வாரத்தில் முன்னேற்றம் உண்டு என்றவர்கள், ஸ்பைரனோலாக்டோன் உண்டவர்களில் 72 விழுக்காடு, வெற்று மாத்திரை உண்டவர்களில் 68 விழுக்காடு, வேறுபாடு சிறிதே. இருபத்து நான்காம் வாரத்திலோ அது 82க்கு 63 என்று விரிந்தது. எனவே இம்மருந்தை ஒரு மாதத்தில் மதிப்பிடக்கூடாது. மூன்று மாதங்களில் பயன் தொடங்கும். முழுப்பயனை அறிய ஆறு மாதங்கள் வேண்டும்.

ஆறாம் வாரம் அளவை 100 மில்லிகிராமாக உயர்த்தினோம். அதன்பின் இரு மாதவிடாய்களுக்கு நடுவே சிறிது இரத்தக்கசிவு ஏற்பட்டது. இது இம்மருந்தின் எதிர்பார்க்கத்தக்க விளைவு. அளவு கூடும்போது மிகுதியாகும். நெடுநேரம் தரையில் அமர்ந்து பீடி சுற்றி எழும்போது தலை கிறுகிறுத்தது. மெதுவாக எழவும், நீர் போதிய அளவு அருந்தவும் கூறி, மாத்திரையை 75 மில்லிகிராமாகக் குறைத்தோம். இரண்டும் அடங்கின. தலைவலி, மார்பில் வலி ஆகியவையும் சிலருக்கு வரலாம். மூன்றாம் மாத முடிவில், மாதவிடாய்க்கு முன் வந்த ஒன்பது பருக்கள் நான்காயின. ஆறாம் மாதத்தில் ஒன்றோ இரண்டோ.

பொட்டாசியமும் இளநீரும்

இம்மருந்து உடலில் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும். அது அளவு மீறினால் இதயத் துடிப்பு பிறழும். ஆனால் ஆரோக்கியமான இளம்பெண்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. அமெரிக்காவில் 974 இளம்பெண்களுக்குச் செய்த 1802 பரிசோதனைகளில் பதின்மூன்றில் மட்டுமே அளவு சற்று உயர்ந்திருந்ததாக 2015இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகவே அவர்களுக்கு அடிக்கடி இரத்தம் எடுக்க வேண்டியதில்லை.

சிறுநீரக நோய் உள்ளவர்களின் நிலை வேறு. எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளை உண்பவர்களுக்கும், கோ-டிரைமாக்சசோல் என்னும் கிருமிக்கொல்லியை உண்பவர்களுக்கும் பொட்டாசியம் உயரக்கூடும். அவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வயது 45ஐ ஒட்டியவர்களுக்கும் பரிசோதனை செய்துகொள்வது நன்று. தென்னந்தோப்புகள் நிறைந்த நம் பகுதியில் தினமும் பல இளநீர் பருகுவோர் உண்டு. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் நலமாக உள்ளவர் எப்போதாவது ஒன்று பருகுவதால் கேடில்லை. மருந்து உண்ணும் காலத்தில் நாள்தோறும் பல பருகுவதைத் தவிருங்கள். சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும், அதையும் தவிருங்கள். கைகால் தளர்ச்சியோ நெஞ்சுப் படபடப்போ தோன்றினால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

கர்ப்பம்: இங்கே விலக்கில்லை

ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்து, கருவில் உள்ள ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். எனவே இம்மருந்தை உண்ணும் காலத்தில் உறுதியான கருத்தடை தேவை. இந்தப் பெண் காப்பர்-டி வைத்துக்கொண்டார். கருத்தடை மாத்திரையும் பொருந்தும். ஈஸ்ட்ரோஜன் கலந்த சில வகைகள் பருவையும் குறைக்கும். ஆனால் புகைபிடிப்பவர், கண்முன் ஒளிக்கீற்றுகள் தோன்றும் ஒற்றைத் தலைவலி உள்ளவர், முன்பு இரத்த உறைவு ஏற்பட்டவர் ஆகியோருக்கு அவை ஏற்றவை அல்ல. புரோஜெஸ்டிரோன் வகை மட்டும் கொண்ட ஊசி சிலருக்குப் பருவை மிகுவிக்கும்.

ஓராண்டு கழித்து அவர் இரண்டாவது குழந்தையை விரும்புவதாகக் கூறினார். காப்பர்-டியை எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே மாத்திரையையும் அடாபலீனையும் நிறுத்தினோம். நிறுத்தினால் சில மாதங்களில் பரு மீளலாம் என்பதையும் முன்கூட்டியே கூறினோம். இம்மருந்து சுரப்பியை அடக்கி வைக்கிறது, அதன் இயல்பை மாற்றுவதில்லை. கர்ப்ப காலத்திலும் பயன்படுத்தத்தக்க அசெலாயிக் அமிலக் களிம்பை மாற்றாகக் கொடுத்தோம். மாத்திரை உண்ணும்போது நாள் தள்ளிப்போனால், அடுத்த மாத்திரையை உண்ணாமல் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

முதல் முறை எங்களிடம் வரும்போது இரண்டு மாத நாட்காட்டிக் குறிப்பையும், நீங்கள் உண்ணும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுவாருங்கள். இம்மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்பதை முடிவு செய்ய அவ்விரண்டும் பெரிதும் உதவும்.