சீட்டு முதலில், போன் பிறகு

தீபாவளி நெருங்கினால் ஜவுளிக்கடைகளின் வாட்ஸ்அப் செய்திகள் வந்து குவியும். எழுபதைத் தாண்டிய வாடிக்கையாளர் பலர் அவற்றைத் திறப்பதே இல்லை. போன் அடித்தால் எடுப்பார்கள். சீட்டு கொடுத்தால் காலண்டருக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். இவர்களுக்குச் சலுகையைச் சொல்ல வேறு விதமாக எழுத வேண்டும்.

"50% வரை தள்ளுபடி" என்பது வழக்கமான வாசகம். வில்லங்கமே அந்த 'வரை'யில்தான். பாதி விலை என்று நம்பி ஆட்டோ பிடித்து வந்தவருக்கு, எடுத்த வேட்டிக்குப் பத்து சதவீதம்தான் என்று பில் போடுமிடத்தில் தெரிந்தால் கோபம் வராதா? சதவீதத்தை ரூபாயாக்கிக் கடையே கணக்குப் போட்டுத் தரலாம். கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி அறிவிப்பது வழக்கம். அதைச் சீட்டில் இப்படி எழுதலாம்: "சேலை விலை 4,000 ரூபாய். தள்ளுபடி 1,200 ரூபாய். நீங்கள் கட்டுவது 2,800 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் 19 வரை." தேதியோடு கிழமையும் வேண்டும், பெரியவர்கள் பலருக்குக் கிழமைதான் கணக்கு.

எழுத்து 18 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது. தமிழில் அளவு மட்டும் போதாது. வரிகள் நெருங்கினால் மேல்வரியின் 'கு', 'மு' சுழிகள் கீழ்வரியின் 'கி', 'மீ' கொக்கிகளோடு முட்டும். மெல்லிய எழுத்தில் புள்ளி மறைந்துபோகும். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளடிப்பதால், வெள்ளைத் தாளில் வெளிர்மஞ்சள், வெளிர்நீல எழுத்துகள் தெளிவாகத் தெரியாது. பளபளப்பு இல்லாத தாளில் கறுப்பு மைதான் நல்லது. பார்க்க விளம்பரம் மாதிரி இருக்காது, இருக்கட்டுமே.

சீட்டு கைக்குப் போய் இரண்டு நாள் கழித்துப் போன் செய்வது நல்லது. அப்போது அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார். வயதில் முதலில் மங்குவது கீச்சு ஒலிகளைக் கேட்கும் திறன். சொற்களின் மெய்யொலிகள் நழுவும். அறுபதும் எழுபதும் எண்பதும் ஒன்றுபோலக் கேட்கும். கத்துவதால் பயனில்லை. நிதானமாக, "எழுபது... ஏழு, பூஜ்யம்" என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

"வணக்கம்மா, நீங்க வழக்கமா துணி எடுக்கிற கடையிலிருந்து பேசறேன். நாங்க அனுப்பின சீட்டு வந்துச்சாம்மா?" என்று தொடங்கினால் போதும். பதிவு செய்த குரலை ஓடவிட்டால் பாதியில் வைத்துவிடுவார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. பரிசு விழுந்திருக்கிறது என்று ஆசைகாட்டி ஓடிபி கேட்கும் மோசடிக்காரர்களும் இதே பெரியவர்களைத்தான் அழைக்கிறார்கள். அதனால் சீட்டின் அடியில் கடையின் எண்ணைப் பெரிதாக அச்சிட்டு, "சந்தேகம் இருந்தால் வைத்துவிட்டு இந்த எண்ணுக்குப் பேசுங்கள். நாங்கள் ஓடிபி, வங்கி விவரம் கேட்கமாட்டோம்" என்று சேர்க்க வேண்டும். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.