ஆறு வயதில் முளைப்பது பால் பல்லா?

ஆறு வயதில் கீழ்த்தாடையின் கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால், ‘பால் பல்தானே, விழுந்துடும்’ என்று அதில் வரும் சொத்தையைப் பல வீடுகளில் கண்டுகொள்வதில்லை. ஆனால், அது நிரந்தரப் பல். போனால் திரும்ப முளைக்காது.

பல் மருத்துவ மாணவர்களும் தடுமாறும் இடம் இது. அதற்கு முன்னால் நிற்கும் இரண்டாவது பால் கடைவாய்ப்பல்லும் அதேபோல ஐந்து முகடுகளுடன் இருக்கும், அளவில்தான் சிறியது. கன்னப் பக்கத்து மூன்று முகடுகளைப் பார்த்தால் குழப்பம் தீரும். பால் பல்லில் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. நிரந்தரப் பல்லில் பின்கடைசி முகடு சிறுத்திருக்கும்.

பால் பல்லின் நிறம் இன்னும் வெண்மை, கழுத்து இறுகியிருக்கும். மெலிந்த வேர்கள் அகல விரிந்திருக்கும். அந்த இடைவெளியில்தான் அடுத்த பல் உருவாகிறது. எனாமலோ சுமார் 1 மி.மீ.தான். உள்ளே பற்கூழின் கொம்புகளும் மேலேறி நிற்பதால், சொத்தை நரம்பைத் தொட அதிக நாள் ஆகாது.