644 என்றால் ஏற்காத சாவி

புதுக் கணினிக்கு மாறிய மறுநாள், தொலைவில் இருக்கும் ஒரு சர்வருக்குள் நுழைய முயன்றேன். அதற்கான ரகசியச் சாவி ஒரு சிறிய ஃபைல். பழைய கணினியில் அதைத் திறந்து, உள்ளே இருந்ததை அப்படியே நகலெடுத்து, புதுக் கணினியில் சேமித்திருந்தேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. ஆனாலும் ssh நிரல் அதை ஏற்கவில்லை. அது காட்டிய எச்சரிக்கையில் முக்கியமான வரிகள் இரண்டு:

```
Permissions 0644 for 'id_ed25519' are too open.
This private key will be ignored.
```

சாவி சரிதான்; அதை யார் யார் பார்க்கலாம் என்பதில்தான் பிழை. அந்தப் பிழை முழுவதும் 644 என்ற எண்ணில் இருக்கிறது.

லினக்ஸ், மேக் போன்ற யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. இவ்விரண்டிலும் சேராத எல்லோரும் ‘மற்றவர்கள்’. `ls -l` என்று கேட்டால் மூவருக்கும் உள்ள அனுமதி வரிசையாக வரும்:

```
-rw-r--r-- 1 mani mani 411 Mar 3 09:10 id_ed25519
```

முதல் கோடு, இது சாதாரண ஃபைல் என்கிறது. அடுத்த ஒன்பது இடங்களை மூன்று மூன்றாகப் பிரித்துப் படிக்க வேண்டும். `rw-` உரிமையாளருக்கு, `r--` குழுவுக்கு, கடைசி `r--` மற்றவர்களுக்கு. `r` என்றால் படிக்கலாம், `w` என்றால் எழுதி மாற்றலாம், `x` என்றால் நிரலாக இயக்கலாம். கோடு இருந்தால் அந்த அனுமதி இல்லை.

கணினிக்கு இந்த ஒன்பதும் ஒன்பது பிட்கள். உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. மேலே உள்ள ஃபைலுக்கு அவை 110 100 100. மூன்று பிட்களால் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளைக் குறிக்கலாம். அதனால் எட்டை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் ஒரு கூட்டத்துக்கு ஓர் இலக்கம் போதும். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று வைத்துக் கூட்டினால், `rw-` என்பது 4+2, அதாவது 6. `r--` என்பது 4. சேர்த்தால் 644. முன்னால் நிற்கும் 0, இது எட்டடிமான எண் என்பதற்கான அடையாளம். பத்தடிமான எண்ணைப் போல ‘அறுநூற்று நாற்பத்து நான்கு’ என்று படிக்காமல், ஆறு, நான்கு, நான்கு என்று தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

இப்போது எச்சரிக்கை விளங்கும். பல கணினிகளில் புதிதாகச் சேமிக்கும் ஃபைலுக்கு இயல்பாக அமைவது 644. கடிதத்துக்கோ கட்டுரைக்கோ அது போதும். ஆனால் கடைசி இரண்டு 4-களும், அதே கணினியில் கணக்கு வைத்திருக்கும் பிறரும் என் சாவியைப் படிக்கலாம் என்கின்றன. ssh பார்ப்பது அந்தக் கடைசி இரண்டு இலக்கங்களைத்தான். இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும். 640 என்றாலும் மறுக்கும். 600 என்றாலோ 400 என்றாலோ ஏற்கும்.

```
chmod 600 id_ed25519
```

இந்த ஒரு வரியில் சிக்கல் தீர்ந்தது. ‘அனுமதி’ என்று பிழை வந்ததுமே 777 போட்டுவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. 777 என்றால் மூவருக்கும் எல்லாமே திறப்பு. ‘திறப்பு அதிகம்’ என்று மறுக்கும் ssh-க்கு அது நேர் எதிர் மருந்து.

சாவி இருக்கும் `.ssh` ஃபோல்டருக்கு மட்டும் 600 போதாது, 700 வேண்டும். ஃபோல்டரை யாரும் ‘இயக்குவதில்லை’. அங்கே `x` என்பது உள்ளே போகும் அனுமதி. அந்த 1 இல்லாமல் ஃபோல்டருக்கு 600 கொடுத்தால், உள்ளே இருக்கும் ஃபைல் நமக்கே உரியதாக இருந்தாலும் `Permission denied` என்றே வரும். ஃபைலில் மாற்றி மாற்றித் தேடியும் காரணம் கிடைக்காதபோது, `ls -ld ~/.ssh` என்று கேட்டு ஃபோல்டரின் அனுமதியைப் பார்க்க வேண்டும்.

மூன்று இலக்கங்களில் ஒருவருக்குப் பொருந்துவது ஒன்றுதான். உரிமையாளரா என்று கணினி முதலில் பார்க்கும். ஆம் என்றால் முதல் இலக்கமே முடிவு. இல்லையென்றால் குழுவில் இருக்கிறாரா என்று பார்க்கும். அதுவும் இல்லாதவருக்கே மூன்றாவது. எனவே 604 என்று அமைத்தால் ஊரார் படிக்கலாம், குழுவில் இருப்பவர் படிக்க முடியாது. அவருக்கு உரிய இலக்கம் 0. அடுத்த இலக்கத்துக்குக் கணினி போகாது.

600-க்கும் எல்லை உண்டு. கணினியின் நிர்வாகக் கணக்கான `root` இந்தத் தடையைக் கடந்து படிக்கும். வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் அங்கே `root` ஆக இருப்பவரும் படிப்பார். இந்த எண்கள் ஃபைலைப் பூட்டுவதில்லை. யாருக்குக் கொடுக்கலாம் என்று கணினிக்குச் சொல்கின்றன. அதனால் 600 போட்ட பிறகும் என் சாவிக்கு ஒரு கடவுச்சொல் வைத்திருக்கிறேன்.