பலகையில் யார் பெயர்?

1983இல் பெங்களூரு ஜெயநகரில் ஆர். பிரபாகர் 'கஃபே தர்ஷினி'யைத் திறந்தார். அதில் நாற்காலியும் இல்லை, சர்வரும் இல்லை. டோக்கன் வாங்கி, கவுண்டரில் தட்டை எடுத்து, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆள் சம்பளம் குறைந்தது. சின்ன இடத்திலேயே நிறையப் பேர் வந்துபோனார்கள். அதனால் இட்லியை மலிவாகக் கொடுக்க முடிந்தது.

அந்த அமைப்பு பெங்களூரு முழுக்கப் பரவியது. பிரபாகரே பலருக்குக் கடை போட வழிகாட்டினார். எடுத்துக்கொண்டவர்கள் தங்கள் குலதெய்வத்தின் பெயரோ வீட்டுப் பெயரோ முன்னால் வைத்து, பின்னால் 'தர்ஷினி' சேர்த்துக்கொண்டார்கள். மாதாமாதம் ராயல்டி கட்டும் பேச்சு அதில் இல்லை. தொழில் நுணுக்கத்தைக் கற்றுக்கொண்டு, சட்னிக்கும் சாம்பாருக்கும் தாங்களே பொறுப்பேற்றார்கள். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் பெயரை எவராலும் காக்க முடியாது. மோசமான தர்ஷினி ஒன்று திறந்தால், நல்ல தர்ஷினிக்காரரால் தடுக்க வழியில்லை.

1995இல் பிரிகேட் ரோட்டில் கேஎஃப்சி வந்தது. அதன் பிறகு உள்ளூர் டீக்கும் தோசைக்கும் பிரியாணிக்கும்கூட பிராண்ட் வாங்கும் பழக்கம் வளர்ந்தது. இன்று சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டல் போட நினைக்கிறவர் முதலில் கேட்பது, "எந்த ஃபிரான்சைஸ் எடுக்கலாம்?" என்பதைத்தான். பெயர் கூட்டத்தைக் கொண்டுவரும் என்பது நம்பிக்கை. எவ்வளவு கூட்டத்தைக் கொண்டுவந்தால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போடுகிறவர்கள் குறைவு.

ஒரு கற்பனைக் கடையை வைத்துப் போட்டுப் பார்ப்போம். வாடகை 1 லட்சம், சம்பளம் 1.4 லட்சம், கரண்ட், கேஸ், இதரம் 50,000. ஆக மாதம் 2.9 லட்சம். சரக்குச் செலவு விற்பனையில் 35 சதவீதம். சொந்தப் பெயரில் மாதம் 6 லட்சம் விற்றால், சரக்குப் போக 3.9 லட்சம் மிஞ்சும். மற்ற செலவுகளும் போக 1 லட்சம் கையில் நிற்கும்.

அதே கடையை ஃபிரான்சைஸாக நடத்தினால் 5 சதவீதம் ராயல்டி, 2 சதவீதம் விளம்பரப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். இவற்றின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சாதாரண ஓட்டல்கள் 5 சதவீதம் ஜிஎஸ்டி வசூலித்துக் கட்டினாலும் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே அந்த 18 சதவீதமும் செலவுதான். 7 சதவீதம் உண்மையில் 8.26 ஆகிவிடும். ஒருமுறை கட்டும் 5 லட்சக் கட்டணத்தையும் வரியோடு 5 ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் சுமார் 9,800. அதே 1 லட்சம் கையில் நிற்க இப்போது 7.05 லட்சம் விற்க வேண்டும். மாவும் மசாலாவும் எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையால் சரக்குச் செலவு 40 சதவீதமானால், 7.7 லட்சத்துக்கு மேல்.

அதாவது அந்தப் பெயர், நீங்கள் தனியாக ஈட்டக்கூடியதைவிட மாதம் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் முதல் ஒன்றேமுக்கால் லட்சம் வரை கூடுதல் விற்பனையைக் கொண்டுவந்தாக வேண்டும். பெரும் கூட்டம் நடமாடும் இடத்தில், ஊரறிந்த பிராண்டால் இது முடியும். பேர் தெரியாத 'பிராண்டு'க்கு இது எட்டாது.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை வேறு. அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்கிறவர் தம் நிறுவனத்தின் விவரங்களைக் கையெழுத்துக்கு 14 நாள் முன்பாவது எழுத்தில் தர வேண்டும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். வர்த்தக முத்திரைப் பதிவேட்டில், ஓட்டல் சேவைக்குரிய 43ஆம் பிரிவில் அந்தப் பெயர் பதிவாகிவிட்டதா, வெறும் விண்ணப்பமாக நிற்கிறதா என்று இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஏற்கெனவே மூடப்பட்ட கிளைகளின் உரிமையாளர்களைத் தேடிப் பேசுங்கள். திறந்திருக்கும் கிளைகளை விற்பவரே காட்டுவார், மூடியதைக் காட்டமாட்டார். கடை வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் என்று பாருங்கள். பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வழக்கம். பணம் உங்களுடையதாகவும் ஒப்பந்தம் அவர்களுடையதாகவும் இருந்தால், காலம் முடியும்போது பலகையோடு இடமும் போகும்.

மூன்றாவது வழியும் ஒன்று இருந்தது, இப்போது அரிது. காந்தி பஜாரில் 1943இல் தொடங்கிய வித்யார்த்தி பவனை 1970இல் ராமகிருஷ்ண அடிகா, அதன் பெயரோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். ராயல்டி இல்லை, காலக்கெடு இல்லை, தோசை அவர் பொறுப்பு.

என் தீர்ப்பு: சமையல் தெரிந்தவராக இருந்து, கூடவே நம்பிக்கையான ஒரு மாஸ்டரும் இருந்தால், சொந்தப் பெயர்தான். தனிநபருக்கு முத்திரை விண்ணப்பக் கட்டணம் ஒரு பிரிவுக்கு 4,500 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பலகை எழுதக் கொடுக்கும் முன் அதைச் செய்துவிடுங்கள்.