பத்துப் பேர், ஒரு மணி நேரம், எவ்வளவு ரூபாய்?

திங்கட்கிழமை காலையில் ஸ்டேட்டஸ் மீட்டிங் நடக்காத மென்பொருள் நிறுவனத்தைச் சென்னை ஓ.எம்.ஆரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். மீட்டிங்கில் தரும் டீ, பிஸ்கட்டுக்கு வவுச்சர் உண்டு. உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரின் நேரத்துக்கு வவுச்சர் கிடையாது. அந்தத் தொகையைப் போட்டுப் பார்க்க ஒரு கால்குலேட்டர் போதும்.

முதலில் எந்தச் சம்பளத்தை எடுப்பது? கையில் வாங்கும் தொகையை எடுத்தால் கணக்கு குறைந்துபோகும். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது, மருத்துவக் காப்பீடு எல்லாம் அந்த ஊழியருக்கான செலவுதானே. அதனால் ஆண்டு சி.டி.சி.யை எடுக்க வேண்டும்.

பலர் சறுக்குவது அடுத்த படியில்தான். வாரத்துக்கு 40 மணி, ஆண்டுக்கு 52 வாரம் என்று பெருக்கி 2,080 மணியால் வகுத்துவிடுகிறார்கள். ஆனால் விடுமுறை நாளுக்கும் சம்பளம் உண்டு, வேலைதான் இல்லை. 365 நாளில் சனி, ஞாயிறு 104 போகும். பண்டிகை விடுமுறையும் சொந்த விடுப்புமாக 31 நாள் போனால் மிஞ்சுவது 230 நாள். நாளுக்கு எட்டு மணி என்றால் 1,840 மணி. இப்படிப் பார்த்தால் சி.டி.சி.யில் ஒவ்வொரு லட்சத்துக்கும் மணிக்குச் சுமார் 54 ரூபாய் விழுகிறது. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மீதியை விரல்விட்டே எண்ணிவிடலாம்.

ஒரு குழுவை வைத்துப் பார்ப்போம். டெலிவரி ஹெட்டுக்கு 48 லட்சம், மேனேஜருக்கு 30. டெக் லீட் இருவருக்குத் தலா 22, சீனியர் இன்ஜினியர் மூவருக்குத் தலா 14. டெஸ்டருக்கு 9, புதிதாகச் சேர்ந்த இருவருக்குத் தலா 6. எல்லாம் கூட்டினால் 185 லட்சம். 1,840ஆல் வகுத்தால், மணிக்கு ஏறத்தாழ 10,050 ரூபாய்.

இது அறைக்குள் கழிந்த நேரத்துக்கு மட்டும். மீட்டிங்குக்காக ஒரு லீட் ஒரு மணி நேரம் விவரம் திரட்டுகிறார், ஒரு ஜூனியர் இரண்டு மணி நேரம் ஸ்லைடு தயாரிக்கிறார். அந்த இரண்டும் சேர்ந்து சுமார் 1,850. முடிந்து சீட்டுக்குப் போனவர், விட்ட இடத்தைப் பிடிக்கக் கால் மணி நேரம் ஆகிறது என்று வைத்தால் இன்னொரு 2,500. மொத்தம் 14,400 ரூபாய். வாராவாரம் நடந்தால், 46 வேலை வாரத்துக்கு ஆறரை லட்சத்தைத் தாண்டுகிறது. குழுவில் ஒரு ஜூனியரின் முழு ஆண்டுச் செலவைவிட அது அதிகம்.

செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் ஜூனியர்களைத்தான் “நீங்க வேலையைப் பாருங்கப்பா” என்று அனுப்பிவிடுவார்கள். அவர்கள் இருவரும் போனால் மிச்சம் மணிக்கு 650 ரூபாய்தான். டெலிவரி ஹெட் முதல் அரை மணி மட்டும் இருந்துவிட்டுப் போனால் 1,300 மிச்சம். மீட்டிங்கையே 45 நிமிடத்தில் முடித்தால் 2,500. மேலே இருக்கும் இருவர் மட்டும் மொத்தச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு. இதை அவர்களிடம் யார் சொல்வது என்பது வேறு விஷயம்.

ஒவ்வொருவர் சம்பளமும் ரகசியமாயிற்றே என்றால், பதவிவாரியாகச் சராசரி போதும். கனடாவின் ஷாப்பிஃபை நிறுவனம் 2023இல், காலண்டரில் மீட்டிங் வைக்கும்போதே அதன் தோராயச் செலவைக் காட்டும் கருவியை ஊழியர்களுக்குக் கொடுத்தது. மூன்று பேர் அரை மணி உட்கார்ந்தாலே 700 முதல் 1,600 டாலர் என்றது அதன் கணக்கு.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. மீட்டிங் இல்லாவிட்டாலும் அந்தச் சம்பளத்தைக் கொடுக்கத்தானே போகிறார்கள்? உண்மைதான், ரத்து செய்த அன்று வங்கிக் கணக்கில் 14,400 ரூபாய் ஏறாது. இழப்பு, அந்த நேரத்தில் நடக்காமல் போன வேலையில் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு மணிக்கணக்கில் பில் போடும் நிறுவனத்தில், பில்லில் ஏற்ற முடியாத உள் மீட்டிங்கால் இது அப்பட்டமாகத் தெரியும். மற்ற இடங்களில் டெட்லைன் தள்ளிப்போவதாகத்தான் தெரியும்.

எதிர்ப்பக்கத்தையும் அதே எண்ணால் அளக்கலாம். மூன்று சீனியர் இன்ஜினியர்கள் தவறான திசையில் பத்து வேலை நாள் உழைத்தால் வீணாவது சுமார் 1,83,000 ரூபாய். அதை ஒரு திங்கட்கிழமை மீட்டிங் தடுத்தால், பன்னிரண்டு வார மீட்டிங் செலவு திரும்பி வந்துவிடும். ஆண்டு முழுச் செலவும் கட்டுப்படியாக அப்படி நான்கு தடவை நடக்க வேண்டும். போன வருட மினிட்ஸைப் புரட்டி, அங்கே எடுத்த எந்த முடிவு எந்த வேலையை மாற்றியது என்று எண்ணினால், நான்கு தேறுமா என்று தெரிந்துவிடும்.