சொல்லாததை வாடிக்கையாளர் வாயில் வைக்காமல் எழுதுவது

மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டி விற்கும் நண்பர் ஒருவர், முப்பது விநாடி விளம்பர வீடியோவுக்காக யாரோ எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டை வாட்ஸப்பில் அனுப்பி, "சரியா இருக்கா பாரு" என்றார். ஒரு பெண்மணி பேசுவதாக இருந்தது: "இந்த எண்ணெய்க்கு மாறி மூணு மாசம்தான் ஆச்சு. என் கணவரோட கொலஸ்ட்ரால் நார்மலாயிடுச்சு. டாக்டரே ஆச்சரியப்பட்டார்!"

யார் இந்தம்மா என்று கேட்டேன். "இனிமேதான் ஆள் பிடிக்கணும்" என்றார்.

இது பொய் என்பது ஒருபக்கம். பொய் மாதிரியே கேட்கவும் செய்கிறது. டாக்டர் ஆச்சரியப்படும் வசனத்தை நாம் எத்தனை விளம்பரத்தில் கேட்டிருக்கிறோம்! நம்பகத்தன்மை எழுத்துத் திறமையில் வருவது என்று நினைத்தால் இந்த இடத்தில்தான் வந்து நிற்போம். ஒருவர் நிஜமாகவே பயன்படுத்தியதால் மட்டும் தெரியவரும் சின்ன விஷயங்கள் இருக்கின்றன. அதை யோசித்து எழுத முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நண்பரிடம் ஆறு மாதத்துக்கு மேல் வாங்கும் ஒருவரைக் காட்டச் சொன்னேன். ஓர் இல்லத்தரசி ஒத்துக்கொண்டார். அனுமதி வாங்கி, போனில் பதிவு செய்தபடி பேசினோம். "எண்ணெய் நல்லா இருக்கா?" என்று கேட்டால் "ரொம்ப நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறெதுவும் வராது. அதனால் நான் கேட்டது: "எப்பவாவது நிறுத்திடலாம்னு நினைச்சீங்களா?"

அதற்குத்தான் கதை வந்தது. முதல் தடவை வாசனை தூக்கலாக இருக்கிறது என்று மாமியார் திருப்பிக் கொடுக்கச் சொன்னாராம். வடை சுட்டபோது எண்ணெய் நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததாம். (வடிகட்டாத செக்கு எண்ணெயில் இது சகஜம்.) அதன்பிறகு பொரிக்க வேறு எண்ணெய், தாளிக்க மட்டும் இது. "இப்ப ரசத்துக்கு வேற எண்ணெய் ஊத்தினா மாமியாரே கண்டுபிடிச்சிடறாங்க" என்றார்.

நடுவில் ஒரு சிக்கல். "எனக்கு முட்டிவலி கூட கம்மியாச்சுங்க" என்றார். நாம் கற்பனை செய்யவில்லை, அவரே சொன்னது. அப்போ போடலாமா? "அந்த சமயத்துல வேற என்ன மாத்தினீங்க?" என்று கேட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்தில் போட்டால் அது எண்ணெய் பற்றிய மருத்துவக் கூற்றாகிவிடும். மாத்திரையே இல்லாமல் இருந்தாலும் போடக்கூடாது. உணவுப்பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை FSSAI-யின் 2018 விதிமுறைகள் தடுக்கின்றன. வாடிக்கையாளர் வாயால் சொல்லவைத்தாலும் விளம்பரம் நண்பருடையதுதான்.

பிறகு பதிவை அப்படியே தட்டச்சு செய்தேன். ஸ்ப்ரெட்ஷீட்டில் இரண்டு பத்தி: ஒன்றில் ஸ்கிரிப்ட் வரி, இன்னொன்றில் அது பதிவில் வரும் நிமிடம்-விநாடி. இரண்டாவது பத்தி காலியாக இருந்தால் வரியைத் தூக்கிவிட வேண்டும். மென்பொருள்காரன் புத்தி, வேறென்ன. வெட்டலாம், வரிசை மாற்றலாம், சேர்க்கக் கூடாது.

வெட்டுவதிலும் ஏமாற்ற முடியும் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. என் முதல் வரைவில் "இப்ப எங்க வீட்ல இந்த எண்ணெய்தான்" என்று இருந்தது. நேரமும் குறித்திருந்தேன், அவர் சொன்ன சொற்களேதான். ஆனால் அவர் "தாளிக்கறதுக்கு இப்ப எங்க வீட்ல இந்த எண்ணெய்தான்" என்றிருந்தார். ஒரு சொல் போனதும் பொரிக்கவும் இதுதான் என்றாகிவிட்டது. நேரம் குறித்தால் போதாது. அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் அரை நிமிடம் திரும்பக் கேட்க வேண்டும்.

கடைசியில் நின்றது இது:

"முதல்ல வாங்கினப்ப வாசனை தூக்கலா இருக்குன்னு மாமியார் திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க. வடை சுட்டேன், பொங்கி வழிஞ்சிடுச்சு. பொரிக்க நான் இதை ஊத்தறதில்ல. தாளிக்கறதுக்கு இப்ப எங்க வீட்ல இந்த எண்ணெய்தான். ரசத்துக்கு வேற எண்ணெய் ஊத்தினா மாமியாரே கண்டுபிடிச்சிடறாங்க."

நண்பருக்கு வடை வரி உறுத்தியது. "நாமளே குறை சொல்லணுமா?" என்றார். பொரிக்க வாங்கி ஏமாந்தவர் எழுதும் விமர்சனம் இதைவிட மோசமாக இருக்கும் என்றேன். அரைமனதாகச் சம்மதித்தார்.

இன்னொரு விஷயம்: நன்றிக்காக அந்த அம்மாவுக்கு இரண்டு லிட்டர் இலவசமாகக் கொடுத்திருந்தார். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பேசுபவருக்கும் விற்பவருக்கும் பார்வையாளர் எதிர்பார்க்காத தொடர்பு இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "பேசியதற்காக இவருக்கு 2 லிட்டர் எண்ணெய் இலவசமாக வழங்கப்பட்டது" என்று திரையில் படிக்கும் அளவில் போட்டோம்.

படப்பிடிப்புக்கு முன் ஸ்கிரிப்டை அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி, ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். "பொங்கி வழிஞ்சிடுச்சுன்னு மட்டும் போட்டா எப்படி? அடுப்பைத் தொடைச்சது நான்தானே, அதையும் போடுங்க." பதிவில் அந்த வாக்கியம் இல்லை. அவரே சொல்லிவிட்டதால் போனை மறுபடி ஆன் செய்து பதிந்துகொண்டேன்.