"நாளைக்கு அனுப்பிடறேங்க"

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள் மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியம் இது. சொல்பவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவரும் சாயப்பட்டறையிடம் இதே பதிலைத்தான் கேட்டிருப்பார். ஆனால் தேதி இல்லாத இந்த வாக்கியத்தை நம்பித் தையல்காரர்களை வேலைக்கு வரச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு கடிதம் வேண்டும்.

ஒரு சிறு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். 10,000 டி-ஷர்ட் ஆர்டர். நேவி புளூ துணி 2,000 கிலோ மார்ச் 10-க்குள் வர வேண்டும். 11-ம் தேதி 800 கிலோ வந்தது. இன்று 14. மீதி 1,200 கிலோ வரவில்லை.

போனை எடுப்பதற்கு முன் முதலாளி தன் ஃபைலைப் பார்க்க வேண்டும். கலர் சாம்பிளுக்கு நாம் ஓகே சொன்னது எந்தத் தேதி? அட்வான்ஸ் போனதா? நாம் 5 நாள் தாமதித்து ஓகே கொடுத்திருந்தால், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் எடுத்து வைக்கும். தாமதம் நம் பக்கம் இருந்தால் அதையும் கடிதத்தில் எழுதிவிடுவதே நல்லது.

அடுத்தது தேதிக் கணக்கு. புதிய தேதியை மனம்போன போக்கில் கேட்கக் கூடாது, கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தூத்துக்குடிக்கு லாரி கிளம்ப வேண்டியது மார்ச் 31. செக்கிங், அயர்னிங், பேக்கிங்குக்கு 27 முதல் 30 வரை. கிலோவுக்கு 5 பீஸ் என்றால் மீதித் துணியில் 6,000 பீஸ் வரும். தினம் 1,000 பீஸ் தைக்கும் யூனிட்டுக்கு, ஒரு ஞாயிறு சேர்த்து 20 முதல் 26 வரை தையல். 19 கட்டிங். பின்னல் துணியை மடிப்பு பிரித்து ஒரு நாள் தளர விட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் அளவு சுருங்கும். அது 18. ஆக, 17-ம் தேதி மாலை என்பது பேரம் பேச இடமில்லாத தேதி.

இப்போது கடிதம் தானாக வரும்:

"வணக்கம். எங்கள் ஆர்டர் எண் 118. 180 ஜிஎஸ்எம் நேவி புளூ சிங்கிள் ஜெர்சி, 2,000 கிலோ, டெலிவரி மார்ச் 10. டிசி எண் 47-ல் 800 கிலோ 11-ம் தேதி வந்தது. மீதி 1,200 கிலோ இன்றுவரை வரவில்லை. வந்த துணி 18-ம் தேதிக்குள் தைத்துத் தீர்ந்துவிடும். அதன்பின் எங்கள் லைன் நிற்கும். 31-ம் தேதி லாரி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப நேரிடும். 1,200 கிலோவும் மார்ச் 17 மாலை 5 மணிக்குள் எங்கள் கம்பெனியில் வந்து இறங்க வேண்டும். துணி இப்போது எந்த நிலையில் இருக்கிறது, லாட் எண் என்ன என்பதை இன்று மாலை 6 மணிக்குள் எழுத்தில் தெரிவியுங்கள்."

"அனுப்ப வேண்டும்" என்று எழுதாமல் "வந்து இறங்க வேண்டும்" என்று எழுதியதைக் கவனியுங்கள். 17-ம் தேதி இரவு அங்கே வண்டியில் ஏற்றினாலும் 'அனுப்பிவிட்டேன்' என்பது உண்மைதானே!

கடைசி வரி அதைவிட முக்கியம். லாட் எண்ணோடு "டிரையரில் இருக்கிறது" என்று பதில் வந்தால் 17 நடக்கும். "இரண்டு நாளில் ஆகிவிடும்" என்று மட்டும் வந்தால், துணி இன்னும் சாய மெஷினில் ஏறவே இல்லை என்று சந்தேகிக்கலாம். அப்போது உடனே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். "வராவிட்டால் வேறு இடத்தில் வாங்குவோம்" என்று 17-க்குப் பிறகு மிரட்டுவதில் பயனில்லை. அதே நிறத்தில் துணி ரெடியாக வேறெங்கும் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். மாற்று ஏற்பாட்டுக்கும், வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் அவகாசம் கேட்பதற்கும் இன்று மாலைதான் நேரம். நடக்காத மிரட்டலை ஒருமுறை எழுதிவிட்டால், அடுத்த கடிதத்துக்கு மதிப்பிருக்காது.

அவசரத்தில் ஓடிவரும் துணியில் நிறம் மாறும் ஆபத்தும் உண்டு. அதனால் "ஓகே செய்த சாம்பிளின் நிறம் மாறக் கூடாது" என்ற வரியையும் சேர்ப்பேன்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று பாக்கி. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 55-வது பிரிவின்படி, காலக்கெடுவை முக்கியமாகக் கொண்ட ஒப்பந்தத்தில் தாமதமாக வந்த சரக்கை ஏற்றுக்கொள்பவர், ஏற்கும்போதே நஷ்டஈடு கேட்கும் எண்ணத்தைத் தெரிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. 73-வது பிரிவு இன்னொன்றைச் சொல்கிறது: இயல்பாக விளையும் நஷ்டத்துக்கும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டத்துக்கும்தான் ஈடு உண்டு. எனவே லாரி கிளம்பும் தேதி, 14-ம் தேதி எழுதும் கடிதத்தில் முதல்முறையாக வந்தால் போதாது, ஆர்டரிலேயே இருக்க வேண்டும். 17-ம் தேதி துணி வந்து இறங்கும்போது, டிசியில் கையெழுத்துப் போடுபவர் இப்படி ஒரு வரி எழுதிவிட்டு அதை மெயிலிலும் அனுப்ப வேண்டும்: "7 நாள் தாமதமாகப் பெறப்பட்டது. தாமத நஷ்டத்துக்கு ஈடு கோருவோம்."